எழுதப்படாத ஆணை: முந்த்ரா விவகாரமும் ஆயுள் காப்பீட்டுக் கழகச் சட்டத்தின் 21ஆம் பிரிவும்

1956 செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. அதுவரை தனித்தனியே இயங்கிய 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் அதனுள் இணைக்கப்பட்டிருந்தன. நாடாளுமன்றம் அதனை அரசுத் துறையாக அமைக்கவில்லை. தன்னாட்சி கொண்ட சட்டபூர்வக் கழகமாகவே அமைத்தது. கழகம் வணிகக் கோட்பாடுகளின்படி நடக்க வேண்டும். அதே வேளையில் அரசின் பொதுநோக்கத்துக்கும் இடமளிக்க வேண்டும். இவ்விரண்டும் மோதினால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தின் 21ஆம் பிரிவு விடையளித்தது.

பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்து மூலம் அளிக்கும் வழிகாட்டுதலைக் கழகம் பின்பற்ற வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஒரு வழிகாட்டுதல் அவ்வகையைச் சேர்ந்ததா என்ற ஐயம் எழுந்தால் அரசின் முடிவே இறுதியானது. ஆகவே அரசு எதைப் பொதுநலன் என்று சொல்கிறதோ அதுவே பொதுநலன். அதிகாரத்தின் பரப்புக்கு இங்கே எல்லை ஏதுமில்லை. உள்ள ஒரே எல்லை ‘எழுத்து மூலம்’ என்னும் இரண்டு சொற்கள்தாம். எழுதப்பட்ட ஆணைக்குத் தேதி உண்டு, கையொப்பம் உண்டு. அதை மேசைமேல் வைக்குமாறு நாடாளுமன்றம் கேட்க முடியும்.

ஓராண்டு முடிவதற்குள்ளேயே இந்த எல்லை சோதிக்கப்பட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ரா அப்போது கடும் பண நெருக்கடியில் இருந்தார். 1957 ஜூனில், நிதியமைச்சகத்தின் முதன்மைச் செயலர் எச்.எம். படேலிடம் அவர் வைத்த யோசனையைத் தொடர்ந்து, சில நாள்களுக்குள் கழகம் அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றுள் அடங்கும். முதலீடுகள் குறித்து ஆலோசனை கூறக் கழகத்தில் ஒரு குழு இருந்தது. கொள்முதலுக்கு முன்னர் அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 21ஆம் பிரிவின்கீழ் எழுத்து மூலமான ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை.

டிசம்பரில் இவ்விவகாரத்தை மக்களவையில் எழுப்பியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான ஒருவரே கேட்டதனால் அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. விசாரணை வெளிப்படையாக நடந்தது. கூட்டம் பெருகவே வெளியே ஒலிபெருக்கிகள் வைக்க வேண்டியிருந்தது.

சாட்சியங்கள் ஒவ்வொன்றும் பொறுப்பை ஒரு படி மேலே தள்ளின. கழகத் தலைவர் ஜி.ஆர். காமத்தும் மேலாண்மை இயக்குநர் எல்.எஸ். வைத்தியநாதனும் படேலின் சொல்லை அரசின் ஆணையாகவே கொண்டதாகக் கூறினர். அமைச்சரின் ஒப்புதல் இருந்தது என்றார் படேல். தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்றார் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஒரே ஒரு கடிதம் இருந்திருந்தால் இச்சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். வாய்மொழி ஆணையின் வசதி இதுதான்: கீழே இருப்பவருக்கு அது ஆணையாகக் கேட்கும், மேலே இருப்பவர் பின்னாளில் அதை வெறும் உரையாடல் என்று சொல்லிக்கொள்ளலாம். கல்கத்தாப் பங்குச் சந்தையை நிலைநிறுத்தவே வாங்கப்பட்டது என்னும் பொதுநல விளக்கமும் முன்வைக்கப்பட்டது. சாக்ளா அதை ஏற்கவில்லை.

1958 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்பின்படி பொறுப்பாளர் என்றார் சாக்ளா. அம்மாதமே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொதுநினைவில் தங்கியது இந்தப் பதவி விலகல்தான். ஆனால் அறிக்கையின் கனமான பகுதி அதிலுள்ள பரிந்துரைகளே. தன்னாட்சிக் கழகங்களில் அரசு தலையிடலாகாது. தலையிட விரும்பினால் எழுத்து மூலம் ஆணையிடும் பொறுப்பிலிருந்து நழுவலாகாது. குடிமைப் பணியிலிருந்து கழகத்துக்கு வரும் அதிகாரிகளின் விசுவாசம் கழகத்துக்கே உரியது. அமைச்சகத்து மூத்த அதிகாரிகளிடம் அவர்கள் தம் தீர்ப்பை ஒப்படைத்துவிடக் கூடாது. காமத்தும் படேலும் ஒரே ஐ.சி.எஸ். பணியினர் என்பதை நினைத்தால் இந்த வரி யாரைக் குறித்தது என்பது விளங்கும். சட்டம் கழகத்தைத் தன்னாட்சியுடையதாக்கியது. பணிமூப்பின் பழக்கமோ அதன் தலைவரைக் கீழ்நிலை அதிகாரியாகவே வைத்திருந்தது.

மற்றொரு பரிந்துரை இன்னும் கடினமானது. கழகத்தின் நிதி பாலிசிதாரரின் நலனுக்கே பயன்பட வேண்டும். வேறு நோக்கத்துக்குச் செலவிடுவதாயின் அது நாட்டின் பெருநலன் சார்ந்ததாக இருக்க வேண்டும், நாடாளுமன்றத்துக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றார் சாக்ளா.

2019 ஜனவரியில் வாராக்கடனில் மூழ்கியிருந்த ஐ.டி.பி.ஐ. வங்கியின் 51 விழுக்காட்டுப் பங்குகள் கழகத்தின் கைக்கு வந்தன. ஒரு நிறுவனத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் முதலீடு செய்யலாகாது என்ற வரம்பைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் இதற்கெனத் தளர்த்தியிருந்தது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. 1957இல் இல்லாத தாள்கள் அனைத்தும் இம்முறை இருந்தன. அந்த முதலீடு பாலிசிதாரருக்காகவா, வங்கிக்காகவா என்ற கேள்விக்கு அத்தாள்களில் விடையில்லை. 21ஆம் பிரிவும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.