எட்டு நாள் பந்தயமும் ஒரு பிடிவாதமான சமன்பாடும்

1600-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ப்ராக் நகருக்கு அருகிலிருந்த பெனாட்கி கோட்டைக்கு 28 வயது யோஹானஸ் கெப்லர் வந்து சேர்ந்தார். அங்கே டைக்கோ பிராஹே, தொலைநோக்கி பிறப்பதற்கு முன்பே வெறும் கண்ணாலும் பிரம்மாண்டமான கோணமானிகளாலும் அளந்து சேர்த்த வானியல் குறிப்புகளைப் புதையல் போலக் காத்துவந்தார். அந்தப் புதையலில் கெப்லருக்குக் கிடைத்தது ஒரு பங்குதான்: செவ்வாய். எந்தக் கணக்குக்கும் அடங்காமல் வானியலாளர்களை அலைக்கழித்துவந்த கோள் அது. எட்டே நாளில் அதன் பாதையைக் கண்டுபிடித்துவிடுவதாகக் கெப்லர் பந்தயம் கட்டினார்.

எட்டு நாள் ஐந்து ஆண்டுகளாக நீண்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் டைக்கோ இறந்துபோனார்; குறிப்புகள் கெப்லர் கைக்கு வந்தன. வட்டப் பாதையை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, கடைசியில் டைக்கோவின் அளவுகளுக்கு மிக நெருங்கிய ஒரு மாதிரியை அவர் உருவாக்கினார். வேறு அளவுகளோடு ஒப்பிட்டபோது ஓரிடத்தில் 8 கலை வித்தியாசம் வந்தது. முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். டைக்கோவின் அளவில் அவ்வளவு பெரிய பிழை இருக்காது என்று கெப்லர் நம்பினார். அந்த நம்பிக்கையில், தன் உழைப்பு முழுவதையும் தூக்கிப்போட்டார்.

பிறகு முட்டை வடிவப் பாதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மல்லாடினார். இது மட்டும் ஒரு சரியான நீள்வட்டமாக இருந்திருந்தால் ஆர்க்கிமிடீசும் அப்பல்லோனியசும் எல்லா விடையையும் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார்களே என்று 1603-இல் நண்பருக்குக் கடிதம்கூட எழுதினார். விடை தன் பேனா முனையிலேயே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. 1605-இல்தான் தெரிந்தது. செவ்வாய் போனது நீள்வட்டத்தில்தான். சூரியன் அதன் ஒரு குவியத்தில் இருந்தது. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கிறது என்ற விதியை அதற்கு முன்பே அவர் பிடித்திருந்தார். இரண்டும் கையில். இனி எந்தத் தேதியில் செவ்வாய் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது.

சொல்ல முடியவில்லை.

சிக்கல் எங்கே என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கெப்லர் நீள்வட்டத்தின் நீள அச்சையே விட்டமாகக் கொண்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார். கோள் இருக்கும் புள்ளியிலிருந்து அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை அந்த வட்டம் வரை நீட்டினார். நீள்வட்டம் என்பது ஒரே திசையில் சீராக அமுக்கப்பட்ட வட்டம் என்பதால், சூரியனிலிருந்து கோள் கடந்த பரப்பை இந்த வட்டத்திலேயே அளந்துவிடலாம். அந்தப் பரப்பு இரண்டு துண்டுகளின் வித்தியாசம்: மையத்திலிருந்து வெட்டிய ஒரு வட்டக்கோணப் பகுதி, அதிலிருந்து கழிக்க வேண்டிய ஒரு முக்கோணம். வட்டக்கோணப் பகுதி மையத்திலுள்ள கோணத்தைப் பொறுத்தது. முக்கோணம் அதே கோணத்தின் சைனைப் பொறுத்தது. இன்றைய எழுத்தில் அது ஒரே வரி:

```
M = E − e sin E
```

இதில் M என்பது நேரம். கோள் சூரியனுக்கு மிக அருகில் வந்த நாளிலிருந்து ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் இந்நேரம் எத்தனை பாகை கடந்திருக்கும் என்ற சராசரிக் கோணம். E என்பது அந்தத் துணைவட்டத்தின் மையத்தில் உண்டாகும் கோணம். e என்பது நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் காட்டும் மையத்தொலைத் தகவு. கெப்லர் தொலைவான முனையிலிருந்து அளந்ததால் அவர் கணக்கில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் இருந்தது; விஷயம் ஒன்றுதான். E தெரிந்தால் M-ஐக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் தெரிந்திருப்பதோ நேரம், அதாவது M. தேவைப்படுவது E. அது கோணமாக ஓரிடத்திலும் சைனாக இன்னோரிடத்திலும் ஒளிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தனியே பிரிய மறுத்தது.

1609-இல் வெளிவந்த ‘அஸ்ட்ரோனோமியா நோவா’வின் 60-ஆம் அத்தியாயத்தில் கெப்லர் இதை ஒளிக்காமல் எழுதினார். வில்லும் சைனும் வெவ்வேறு இனம் என்பதால் இதை நேராகத் தீர்க்க முடியாது என்று தான் நம்புவதாகச் சொன்னார். தன் தவற்றைக் காட்டி வழி சொல்பவரைப் பேரறிஞர் அப்பல்லோனியசுக்கு நிகராகக் கொண்டாடுவதாக உலகத்துக் கணித அறிஞர்களுக்கு அறைகூவல் விட்டார். யாரும் முன்வரவில்லை.

இதே வடிவமுள்ள சமன்பாட்டை ஒருவர் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தார் என்பது இந்தக் கதையின் விசித்திரம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹபஷ் அல்-ஹாசிப், சந்திரனின் தோற்றப்பிழையைக் கணக்கிட இதே உருவில் ஒரு சமன்பாட்டை எழுதி, ஊகித்துத் திருத்தும் முறையில் விடை கண்டிருந்தார். இருபதாம் நூற்றாண்டில்தான் வரலாற்றாளர்கள் அந்த ஒற்றுமையைக் கவனித்தார்கள்.

கெப்லரும் கடைசியில் அதே வழிக்கு வந்தார். 1618 முதல் 1621 வரை வெளிவந்த தன் பாடநூலில் அவர் கொடுத்த முறை இதுதான்: முதலில் E-க்கு ஒரு மதிப்பை ஊகிக்க வேண்டும். அதன் சைனை e-ஆல் பெருக்கி M-உடன் சேர்த்தால் புது E கிடைக்கும். அதை மறுபடி உள்ளே போட வேண்டும். விடை அசையாமல் நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும்.

செவ்வாயையே வைத்துப் பார்க்கலாம். அது ஒரு சுற்றுச் சுற்ற 687 நாள். சூரியனுக்கு மிக அருகில் வந்து 100 நாள் ஆகியிருந்தால் M 52.40 பாகை. செவ்வாயின் e 0.0934, பாகைக் கணக்கில் அது 5.35. முதல் ஊகமாக E-யும் 52.40 என்று வைத்தால், அதன் சைன் 0.792; பெருக்கிச் சேர்த்தால் 56.64. அதை உள்ளே போட்டால் 56.87. மறுபடி போட்டால் 56.88. அதற்கு மேல் இரண்டாம் தசமம் அசையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்த E-யிலிருந்து சூரியனில் நின்று பார்க்கும் உண்மைக் கோணத்தைக் கணக்கிட்டால் 61.5 பாகை. ஒரே வேகக் கணக்கு செவ்வாயை 9 பாகை பின்னால் தேடச் சொல்லியிருக்கும்.

ஆனால் ஒவ்வொரு கோளுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இதைக் கையால் செய்ய யாருக்குப் பொறுமை? கெப்லர் ஒரு தந்திரம் செய்தார். 1627-இல் உல்ம் நகரில் அச்சான ‘ருடால்ஃபின் அட்டவணை’களில் E-ஐ ஒவ்வொரு பாகையாக வரிசைப்படுத்தி, சுலபமான திசையில் M-ஐக் கணக்கிட்டு எதிரே எழுதிவைத்தார். படிப்பவர் தன் M-ஐ அட்டவணையில் தேடி, இரண்டு வரிகளுக்கு இடையே விகிதம் பார்த்தால் போதும். அந்த அட்டவணையைக் கொண்டு, 1631 நவம்பர் 7-ஆம் தேதி புதன் சூரியனின் முகத்தைக் கடக்கும் என்று கெப்லர் அறிவித்தார். அறிவித்தவர் அந்த நாளைக் காணவில்லை. 1630 நவம்பரில் ரேகன்ஸ்பர்கில் இறந்துபோனார்.

குறித்த நாளில் பாரிஸில் பியர் கசாந்தி சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காத்திருந்தார். மேகம் வந்து வந்து போனது. ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது. சூரியப் புள்ளி என்று முதலில் நினைத்தார். அது நகர்ந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் புதன் என்று புரிந்தது. பழைய அட்டவணைகள் பல பாகை தவறிய இடத்தில் கெப்லரின் கணக்கு ஒரு பாகையில் சிறு பகுதிதான் விலகியிருந்தது.

முறை வென்றுவிட்டது என்று தோன்றியபோது வால்மீன்கள் வந்தன. ஹாலி வால்மீனின் e 0.967. சுற்றுக்காலம் சுமார் 75 ஆண்டு. சூரியனை நெருங்கி 30 நாள் ஆன நிலையில் M வெறும் 0.39 பாகை, சரியான E 10.28 பாகை. கெப்லர் வழியில் போனால் 0.39, 0.77, 1.14, 1.49 என்று ஊர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிழையில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் குறைந்தது. இரண்டாம் தசமம் வரை விடை நிலைக்க நூறு சுற்றுக்கு மேல் வேண்டும். e பெரிதாக இருந்து, கோளும் சூரியனுக்கு அருகில் இருந்தால் இந்த முறை தளர்ந்துபோகும். மதிப்புகள் மிக மெதுவாக ஒரே பக்கம் ஏறிக்கொண்டே இருப்பதுதான் அதன் அடையாளம்.

நியூட்டன் இரண்டு வேலை செய்தார். 1687-இல் வந்த ‘பிரின்சிப்பியா’வில், இந்தச் சிக்கலுக்கு இயற்கணித வழியில் முடிவான விடை கிடையாது என்று வாதிட்டார், கெப்லரின் சந்தேகம் சரிதான். கூடவே வேகமான ஒரு திருத்த முறையையும் கொடுத்தார். இன்றைய வடிவில், ஊகத்தில் மிஞ்சும் பிழையை அப்படியே சேர்க்காமல் 1 − e cos E என்ற எண்ணால் வகுத்துச் சேர்ப்பது அது. அதே வால்மீன், அதே 0.39 தொடக்கம். முதல் தாவலில் 11.9. அடுத்து 10.36. அடுத்து 10.28. மூன்றே தாவல். முதல் தாவல் இலக்கைத் தாண்டி விழுந்ததையும் கவனிக்க வேண்டும். சூரியனுக்கு இன்னும் அருகில், e ஏறக்குறைய 1 ஆகும்போது, தொடக்க ஊகம் மோசமாக இருந்தால் அந்தத் தாவல் எங்கோ போய் விழும். அதனால் பிற்காலத்தவர் முறையைவிடத் தொடக்க ஊகத்துக்கே அதிகம் மெனக்கெட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மனிதர்கள் தாங்களே வானில் பொருள்களைச் சுற்றவிட்டபோது, அதே வரி மறுபடி தேவைப்பட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு அனுப்பும் செய்தியில் தம் இருப்பிடத்தை நேரடியாகச் சொல்வதில்லை. e என்ன, குறித்த ஒரு நேரத்தில் M என்ன என்பவற்றையும் பாதையின் மற்ற சில அளவுகளையும் சொல்கின்றன. செயற்கைக்கோள் எங்கே என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுதான் கணக்கிடுகிறது: E-ஐ ஊகித்து, திருத்தி, மறுபடி திருத்தி. e மிகச் சிறியது என்பதால் சில சுற்றுகளிலேயே விடை நிலைத்துவிடுகிறது. அதே E-ஐ வைத்து, சார்பியல் விதிப்படி செயற்கைக்கோள் கடிகாரத்தில் வரும் சிறு ஏற்ற இறக்கமும் சரிசெய்யப்படுகிறது. பூமியின் மையத்திலிருந்து சுமார் 26,560 கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் e 0.01 என்றால், இந்தச் சமன்பாட்டைத் தீர்க்காமல் M-ஐயே உண்மைக் கோணமாக எடுத்துக்கொள்ளும் கைப்பேசி, அதை அதன் உண்மையான இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிடக்கூடும்.