மானிய விண்ணப்பங்களிலும் முன்னேற்ற அறிக்கைகளிலும் வாசக மறுபயன்பாடு

ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி எழுதப்படும் விண்ணப்பத்திலோ, பெற்ற உதவியைக் கொண்டு நடந்த வேலையைத் தெரிவிக்கும் முன்னேற்ற அறிக்கையிலோ, அதே ஆய்வாளரோ அவரது குழுவினரோ முன்பு எழுதிய வாக்கியங்களையும் பத்திகளையும் அப்படியே, அல்லது சிறு மாற்றங்களுடன், மீண்டும் எடுத்தாளுவது வாசக மறுபயன்பாடு எனப்படும். பிறர் எழுத்தைத் தமதெனக் காட்டும் திருட்டினின்றும் இது வேறுபட்டது. அமெரிக்க சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஆராய்ச்சி ஒழுங்கீனக் கொள்கை, மற்றொருவருடைய கருத்தையோ சொல்லையோ உரிய அங்கீகாரமின்றி எடுத்துக்கொள்வதையே திருட்டு என வரையறுத்தது. பொதுச் சுகாதாரத் துறை சார்ந்த ஆராய்ச்சிகளுக்காக 2024-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளோ, தம் எழுத்தைத் தாமே மீண்டும் பயன்படுத்துவது அந்த வரையறைக்குள் அடங்காது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டன. எனினும், ஒழுங்கீனம் அல்லாதவை எல்லாம் ஏற்கத்தக்கவை ஆகிவிடுவதில்லை. இக்கட்டுரை, இவ்விஷயத்தில் விரிவான எழுத்து விதிகளைக் கொண்ட அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் ஆகிய இரண்டின் நடைமுறையை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, எந்த வாக்கியம் மீண்டும் வரலாம், எது வரலாகாது என்பதை விளக்குகிறது.

மறுபயன்பாட்டின் காரணம்

ஓர் ஆய்வுக்கூடம் பத்தாண்டுக் காலம் ஒரே கேள்வியைப் பின்பற்றிச் செல்லுமாயின், அந்தக் கேள்வியின் பின்னணியும், பயன்படுத்தும் உபகரணங்களும், பரிசோதனையின் படிகளும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. அவற்றை விவரிக்கும் பத்தி ஒருமுறை பிழையறத் திருத்தி எழுதப்பட்ட பிறகு, ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் புதிய சொற்களைத் தேடி அதையே வேறு விதமாகச் சொல்ல முயல்வது காலவிரயம் மட்டுமன்று. துல்லியமாக அமைந்த ஒரு செய்முறை விளக்கம், சொல்மாற்றத்துக்காகவே சொல்லை மாற்றும்போது பிழையாகிவிடும் அபாயமும் அதில் உண்டு. ஆய்வுக்கூட வசதிகளைப் பற்றிய பகுதியைப் பல பல்கலைக்கழகங்களின் அலுவலகங்களே தயாரித்து வைத்திருந்து, எல்லாத் துறையினருக்கும் வழங்குகின்றன. அதைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வாளரை எவரும் குறை கூறுவதில்லை.

வாசக மறுபயன்பாட்டைத் தனி ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டு, டியூக் பல்கலைக்கழகத்தின் கேரி மாஸ்கோவிட்ஸ் தலைமையில், தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன் நடந்த திட்டமொன்று, மறுபயன்பாட்டைப் பல வகைகளாகப் பிரித்துக் காட்டியது. விண்ணப்பம், உள்ளக அறிக்கை போன்ற பிரசுரமாகாத எழுத்திலிருந்து எடுத்துப் பிறிதோர் எழுத்தை உருவாக்குவதை அது வளர்ச்சிப் பருவ மறுபயன்பாடு எனத் தனியே வகுத்து, பொதுவாக ஏற்கத்தக்கது என்று கொண்டது. பிரசுரமான கட்டுரையிலிருந்து விண்ணப்பத்துக்கு வாக்கியங்களை எடுப்பது இதன் மறுதலை. அங்கே கட்டுரை வாசகர் கையில் ஏற்கெனவே இருப்பதாலும், அதன் பதிப்புரிமை பெரும்பாலும் பதிப்பாளரிடம் சென்றுவிட்டதாலும், மூலத்தைக் குறிப்பிடுவது அவசியமாகிறது.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் மறுபிறவி

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புவது, வாசக மறுபயன்பாட்டின் மிகப் பொதுவான வடிவமாகும். மானிய ஸ்தாபனங்களே இதை எதிர்பார்க்கின்றன. தேசிய சுகாதார நிறுவனங்களின் விதிப்படி, முதல் விண்ணப்பத்தை அளித்த 37 மாதங்களுக்குள் திருத்திய விண்ணப்பம் ஒன்றை அனுப்பலாம். அதன் முகப்பில் ஒரு பக்க அளவில், முன்பு மதிப்பீட்டாளர் கூறிய குறைகளுக்கு என்ன செய்யப்பட்டது என்று சொல்லவேண்டும். முன்னாளில் மாற்றிய வாசகங்களைப் பிறை அடைப்பாலோ, எழுத்துரு வேற்றுமையாலோ அடையாளமிட்டுக் காட்டும்படி விதி இருந்தது. 2015-இல் அது கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலிருந்து, நிராகரிக்கப்பட்ட அதே கருத்தைப் புதிய விண்ணப்பமாகவே சமர்ப்பிக்கவும் அனுமதி உண்டு. அவ்வாறு செய்பவர் பழைய மதிப்பீட்டைப் பற்றி அதில் ஒன்றும் குறிப்பிடலாகாது.

தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் நோக்கு சற்று வேறானது. அங்கே திருத்திய விண்ணப்பம் என்ற தனிவகை இல்லை. வருவது எல்லாம் புதியதாகவே கருதப்படும். ஆயினும், முன்பு பரிசீலித்து நிராகரித்த விண்ணப்பம் கணிசமான மாற்றமின்றித் திரும்பி வருமாயின், அதை மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடும் அதிகாரம் ஸ்தாபனத்துக்கு உண்டு. இங்கே குற்றமாவது பழைய வாசகம் இருப்பதன்று. மதிப்பீட்டாளர் சுட்டிய பலவீனம் தீராதிருப்பதேயாகும். பின்னணிப் பத்திகள் அனைத்தும் சொல்மாறாமல் இருந்து, குறைபட்ட பரிசோதனைத் திட்டம் ஒன்று மட்டும் புதிதாக வகுக்கப்பட்டிருந்தால் அது நல்ல திருத்தம். எல்லா வாக்கியங்களையும் சொல் மாற்றி எழுதிவிட்டுத் திட்டத்தை முன்போலவே விட்டிருந்தால் அது திருத்தமே ஆகாது.

ஒரே வேலைக்கு இரு விண்ணப்பங்கள்

ஒரே திட்டத்தைச் சில சொற்களை மாற்றி இரண்டு ஸ்தாபனங்களுக்கு ஏககாலத்தில் அனுப்புவதில், வாசகத்தைவிடப் பணமே முக்கியப் பிரச்சினையாகிறது. சிறு வியாபார நிறுவனங்களின் புதுமை ஆராய்ச்சிக்கான அமெரிக்க மானியத் திட்டம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது: சாராம்சத்தில் ஒன்றான விண்ணப்பத்தைப் பல துறைகளுக்கு அனுப்பத் தடையில்லை, ஆனால் அவ்வாறு அனுப்பியதை ஒவ்வொரு துறைக்கும் அறிவிக்கவேண்டும், பணத்தை ஓரிடத்தில்தான் பெறலாம். மாறாக, தேசிய சுகாதார நிறுவனங்கள் தமக்குள்ளேயே ஒன்றோடொன்று மிகவும் ஒத்த இரு விண்ணப்பங்களை ஒரே சமயத்தில் பரிசீலிக்க ஏற்பதில்லை.

இதற்காகவே, ஏற்கெனவே பெற்றுவரும் உதவியையும் கேட்டுக் காத்திருக்கும் உதவியையும் பட்டியலிடும் படிவம் ஒன்றை ஆய்வாளரிடம் கேட்கிறார்கள். அதில் மூன்று விதமான ஒவ்வுதல்கள் ஆராயப்படுகின்றன: ஒரே விஞ்ஞான வேலை இருமுறை கேட்கப்பட்டதா, ஒரே செலவு இருமுறை கோரப்பட்டதா, ஒரு மனிதரின் வருஷம் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வாக்களிக்கப்பட்டதா என்பனவே அவை. வாசகம் ஒத்திருந்தும் இம்மூன்றும் ஒவ்வாதிருக்கலாம். வாசகம் முழுதும் வேறாயிருந்தும் மூன்றும் ஒத்திருக்கலாம். அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், ஒரு சர்க்கார் துறைக்கு அளித்த விண்ணப்பத்தில் அதே போன்ற ஆராய்ச்சிக்கு வேறிடத்திலிருந்து தமக்கு உதவி இல்லை என்று பொய்யாகத் தெரிவித்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக, 2012-இல் 41 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைச் சிறைக்கு அனுப்பியவற்றுள் ஒன்றான வாக்கியம், திரும்ப எழுதப்பட்ட விஞ்ஞானப் பத்தி எதுவும் அன்று. உதவி இல்லை என்ற அந்தச் சிறு மறுப்பேயாகும்.

முன்னேற்ற அறிக்கையின் தனி இயல்பு

விண்ணப்பம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. முன்னேற்ற அறிக்கையோ ஒரு குறிப்பிட்ட காலப் பகுதிக்குச் சாட்சி கூறுகிறது. ஆகவே அங்கே பழைய வாசகம் செய்யும் தீங்கு நுட்பமானது. தேசிய சுகாதார நிறுவனங்களின் வருடாந்தர அறிக்கைப் படிவத்தில், சாதனைகளைக் கூறும் பகுதி முதலில் திட்டத்தின் பிரதான இலக்குகளைக் கேட்கிறது. அவை அங்கீகரிக்கப்பட்ட விண்ணப்பத்தில் உள்ளவாறே இருக்கவேண்டுவதால், ஆண்டுதோறும் அதே வாசகம் வருவதே முறை. மாறினால் மாறியதென்று தெரிவிக்கவேண்டும். அடுத்த கேள்வி, அந்த இலக்குகளை நோக்கி இந்த அறிக்கைக் காலத்தில் என்ன நிறைவேறியது என்பதாகும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு விடைகளுள், முன்னது பழையதாயிருக்கக் கடமைப்பட்டது. பின்னது புதியதாயிருக்கக் கடமைப்பட்டது.

ஓர் உதாரணத்தால் இதைப் பார்க்கலாம். நோயாளிகளின் உடலில் பொருத்தப்படும் குழாய்களில் படியும் பாக்டீரியாக்களை ஆராயும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 240 மாதிரிகள் சேகரிப்பதாக விண்ணப்பத்தில் உறுதி கூறப்பட்டது. முதலாண்டில் 90 மாதிரிகள் கிடைத்தன. அறிக்கையில், “இவ்வாண்டில் 90 மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வளர்க்கப்பட்டன” என்று எழுதப்பட்டது. இரண்டாம் ஆண்டில் மேலும் 60 கிடைத்தன. அறிக்கை எழுதியவர் முதலாண்டுப் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, 90 என்ற எண்ணை மட்டும் அதுவரை சேர்ந்த மொத்தமான 150 என்று மாற்றினார். “இவ்வாண்டில்” என்ற சொல் இருந்தபடியே இருந்துவிட்டது. இரண்டு அறிக்கைகளையும் கூட்டிப் பார்க்கும் அதிகாரிக்கு 90-உம் 150-உம் சேர்ந்து 240 ஆகிறது. சேகரிப்பு முடிந்துவிட்டதாகவே அவர் கருதுவார். உண்மையிலோ 90 மாதிரிகள் இன்னும் சேரவேண்டும். மூன்றாம் ஆண்டில், “சேகரிப்பு தொடர்கிறது” என்று படிக்கும்போது அவருக்கு எழும் ஐயம், அதன்பின் அந்த ஆய்வுக்கூடத்தின் ஒவ்வோர் எண்ணையும் தொடரும். பொய் சொல்லும் உத்தேசம் எவருக்கும் இல்லை. ஒரு சொல் தன் ஆண்டைவிட்டு வெளியே வந்துவிட்டது, அவ்வளவே.

இந்தப் பத்தியில் எதை மீண்டும் எழுதியிருக்கலாம் என்பதும் எளிதில் விளங்கும். வெப்பநிலையையும் வளர்த்த நேரத்தையும் கூறும் பகுதி, முறை மாறாத வரையில், ஐந்து அறிக்கைகளிலும் ஒரே சொற்களில் வரலாம். அல்லது, முறை முன்போலவே என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எண்ணிக்கை கூறும் பகுதியோ, அவ்வாண்டில் எத்தனை, மொத்தம் எத்தனை என்று இரண்டையும் பிரித்து ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படவேண்டும்.

பழைய வாசகத்தை அறியும் குறிகள்

கவனமின்றி எடுத்தாண்ட வாசகத்தை அநுபவமுள்ள மதிப்பீட்டாளர் சில குறிகளால் உணர்ந்துவிடுகிறார். முடிந்த வேலையைக் கூறவேண்டிய இடத்தில் “செய்யப்படும்” என்று எதிர்கால வினை நிற்பது, விண்ணப்பத்திலிருந்து வந்த வாக்கியத்தின் முத்திரை. ஆய்வுக்கூடத்தைவிட்டுச் சென்ற ஒருவர் இன்னும் பொறுப்பு வகிப்பதாகக் கூறுவதும், முந்திய ஆண்டில் கணக்கில் வந்த கட்டுரையே இவ்வாண்டின் பலனாக மீண்டும் தோன்றுவதும், இன்னொரு மானிய ஸ்தாபனத்தின் பெயர் திருத்தப்படாமல் நடுவே கிடப்பதும் மற்றக் குறிகள். ஒப்புமை காட்டும் கணினி நிரல்கள் தரும் சதவீதம் இதில் ஓரளவே உதவும். செய்முறைப் பக்கம் முழுவதும் ஒத்திருப்பது நிரபராதமாயிருக்க, ஒரே ஒரு வரியின் ஒப்புமை முழு அறிக்கையையும் பொய்யாக்கிவிடக்கூடும்.

கூட்டு எழுத்தும் அதன் எல்லையும்

விண்ணப்பம் பெரும்பாலும் ஒருவர் கையால் எழுதப்படுவதில்லை. குழுவிலிருந்து பிரிந்து சென்ற ஆய்வாளர், முன்பு எல்லோரும் சேர்ந்து எழுதிய பத்திகளைத் தம் தனி விண்ணப்பத்தில் பயன்படுத்தினால், அது தம் எழுத்தா, பிறர் எழுத்தா என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க ஆராய்ச்சி நேர்மை அலுவலகம், கூட்டாக உழைத்துப் பிரிந்தவர்களிடையே எழும் இத்தகைய வழக்கை எழுத்துரிமைத் தகராறாகவே கொண்டு, திருட்டுக் குற்றமாக விசாரிப்பதில்லை. அந்தந்த நிறுவனமே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆகையால், பிரியும்போதே எந்தப் பகுதியை யார் கொண்டுபோகலாம் என்று எழுத்தில் பேசி முடிப்பது வழக்கு வராமல் காக்கும். தாம் மதிப்பிடுவதற்கென்று இரகசியமாக வந்த விண்ணப்பத்திலிருந்து ஒரு வரி எடுப்பதோ மறுபயன்பாடு அன்று. அது பிறர் எழுத்தைத் திருடுவதோடு நம்பிக்கைத் துரோகமும் ஆகும்.

சுருங்கச் சொன்னால், நிலைத்த உண்மையை விவரிக்கும் வாக்கியம் அந்த உண்மை நிலைக்கும் வரை திரும்ப வரலாம். ஒரு நாளுக்கோ, ஒரு தொகைக்கோ, ஒரு மனிதரின் உழைப்புக்கோ சாட்சியாக நிற்கும் வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழுதவேண்டும்.