விடுபட்ட இடைச்சொல்: அந்நிஸா 127இல் ‘ரகிப’

‘ரகிப’ என்னும் அரபு வினை ‘ஃபீ’ என்ற முன்னிடைச்சொல்லை ஏற்றால் ஒன்றை விரும்புவதைக் குறிக்கும்; ‘அன்’ ஏற்றால் அதை வேண்டாமென ஒதுக்குவதைக் குறிக்கும். (இக்கட்டுரையில் ‘அன்’ என்பது ஐன் எழுத்தில் தொடங்கும் இடைச்சொல் மட்டுமே.) அந்நிஸா அத்தியாயத்தின் 127ஆம் வசனத்தில் இவ்வினை எந்த இடைச்சொல்லும் இன்றி, ‘மணமுடிப்பது’ என்ற பொருளுடைய கிளவிக்கு முன் நிற்கிறது. அநாதைப் பெண்களின் பொறுப்பாளர்கள் அவர்களை மணக்க விரும்பினார்களா, மணக்க மறுத்தார்களா? இடைச்சொல் வேண்டுமென்றே விடப்பட்டது, இரு பொருளும் ஒருங்கே கொள்ளத்தக்கவை என்ற விடை அண்மைக்கால ஆய்வுகளில் ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

இந்த விடையின் வேர் இலக்கண நூல்களில் இருக்கிறது. இத்தகைய கிளவிக்கு முன் இடைச்சொல்லை விடலாம், ஆனால் பொருள் மயக்கம் நேராதபோதே விடலாம் என்பது இப்னு மாலிக் (இறப்பு 1274) தம் ‘அல்ஃபிய்யா’வில் வைத்த நிபந்தனை. உடனே இவ்வசனம் அதற்கு எதிர்ச்சான்றாக எழுப்பப்பட்டது. உரையாசிரியர்கள் இரு சமாதானங்கள் சொன்னார்கள்: சூழலை நம்பி இடைச்சொல் விடப்பட்டது என்பது ஒன்று, அழகையும் பொருளையும் நாடி மணக்க விரும்புவோர், அவை இல்லையென ஒதுக்குவோர் ஆகிய இரு சாராரையும் கண்டிக்கவே மயக்கம் நாடப்பட்டது என்பது மற்றொன்று. பின்வந்தோர் இரண்டாவதையே பற்றிக்கொண்டனர். ஒரு விதியைக் காப்பதற்காகப் பிறந்த சமாதானம், வசனத்தின் நோக்கமாகவே வளர்ந்துவிட்டது.

முதல் சமாதானம் போதும் என்பது என் கருத்து. அநாதைப் பெண்களைப் பற்றி வேதத்தில் முன்பே ஓதப்பட்டதை இவ்வசனமே சுட்டுகிறது. புகாரி தொகுப்பிலுள்ள ஆயிஷா அவர்களின் அறிவிப்பு, அது இதே அத்தியாயத்தின் 3ஆம் வசனம் என்கிறது. அங்கே பேசப்படுபவன், தன் பொறுப்பிலுள்ள பெண்ணின் செல்வத்திலும் அழகிலும் ஆசைப்பட்டு, உரிய மஹர் கொடுக்காமல் மணக்க நினைப்பவன். அவனுக்கான தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டாயிற்று. 127ஆம் வசனத்தின் வினையை விளக்கும்போது, பொருளும் அழகும் குறைந்த பெண்ணை ஒதுக்கும் பொறுப்பாளனை அந்த அறிவிப்பு காட்டுகிறது. அங்கே ‘அன்’ வெளிப்படையாகவே வருகிறது. முந்தைய வசனத்தைக் கேட்டவர்க்கு மயக்கம் எழ இடமில்லை. வசனத்தைத் தனியே பெயர்த்தெடுத்து இலக்கண உதாரணமாக வைக்கும்போதுதான் அது எழுகிறது. இப்னு ஹஜர் (இறப்பு 1449) இவ்வறிவிப்பு இரு வாய்ப்புகளில் ஒன்றை உறுதிசெய்கிறது என்று எழுதியதை, மயக்கம் நாடப்பட்டது என்போர் ஏனோ போதிய அளவு கவனிப்பதில்லை.

தபரி (இறப்பு 923) வேறொரு வழியாக இதே முடிவுக்கு வந்தார். பொறுப்பாளர்கள் அப்பெண்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கவில்லை என்று வசனம் சொல்கிறது. மணக்கும் ஆசையால்தான் கொடுக்கவில்லை என்றால் அதற்குக் காரணமே இல்லை. பொறுப்பாளர்களான அவர்களை மணக்கவிடாமல் தடுப்பார் எவருமில்லை. தாமும் மணக்காமல், பிறர்க்கும் மணமுடித்துக் கொடுக்காமல் வைத்திருந்தால்தான், கணவன் என்றொருவன் குறுக்கிடாமல் அவள் சொத்து வாரிசாகத் தங்களுக்கு வரும். வாதம் எளியது, இதற்கு நேரான மறுப்பை நான் கண்டதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஸயீத் இப்னு ஜுபைர் (இறப்பு 714). வசனம் செல்வமுள்ள பெண், இல்லாத பெண் இருவரைப் பற்றியும் இறங்கியது என்பது அவர் கூற்று. ஆனால் அது பெண்களை வகைப்படுத்துகிறதே தவிர, எந்த இடைச்சொல் விடுபட்டது என்பதைச் சொல்லவில்லை. அக்கூற்றிலிருந்து இரட்டைப் பொருளை வருவித்தவர்கள் பின்வந்தவர்கள். ஸமக்ஷரி இரண்டையும் அனுமதிக்கிறாரே எனலாம். இரண்டுக்கும் வாய்ப்புண்டு என்று பட்டியலிடுவது வேறு, இரண்டும் நாடப்பட்டன என்பது வேறு.

குர்ஆனின் பிற இடங்களும் ஓரளவு துணைநிற்கின்றன. இவ்வேரிலிருந்து பிறந்த சொற்கள் எட்டு இடங்களில் வருகின்றன. 2:130, 9:120, 19:46 ஆகியவற்றில் ‘அன்’. 9:59, 68:32, 94:8 ஆகியவற்றில் ‘இலா’. 21:90இல் வருவது இடைச்சொல் ஏற்காத தொழிற்பெயர். எஞ்சியது நம் வசனம். ‘ஃபீ’ ஓரிடத்திலும் இல்லை. எட்டு இடங்களை வைத்து ஒரு வழக்கை நிறுவ முடியாது என்பது உண்மையே. மேலும் ‘இலா’ வரும் மூன்று இடங்களிலும் நாட்டம் இறைவனை நோக்கியது. பெண்ணை விரும்புவதைச் சொல்ல நேர்ந்திருந்தால் ‘ஃபீ’யே வந்திருக்கக்கூடும். எனினும் 9:120இல் ‘பி’, ‘அன்’ இரண்டையும் ஒரே வினைக்குச் சேர்த்து, தம் உயிரைப் பேணிக்கொண்டு தூதரின் உயிரைப் பொருட்படுத்தாமல் விடுவது என்ற நுட்பமான பொருளைக் குர்ஆன் பிரித்துக் காட்டுகிறது. ‘அன்’னின் விலகற்பொருள் அங்கே சிறிதும் தளரவில்லை.