டர்னரின் கண்ணில் எந்தப் புரை? லீப்ரைக்கின் 1872ஆம் ஆண்டு வாசிப்பு குறித்து

கண் மருத்துவர் ரிச்சர்ட் லீப்ரைக் 1872இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரை, ஓவியங்களை வைத்தே இரண்டு ஓவியர்களின் கண்நோயைக் கணித்தது. டர்னரின் ஓவியங்கள் 1830 வரை இயல்பானவை. 1831 முதல் ஒளி சிதறுகிறது. பிறகு ஒளிப்புள்ளிகள் செங்குத்துக் கோடுகளாக நீள்கின்றன. கண்வில்லை கலங்கியதே காரணம் என்றார் அவர். முல்ரெடியின் முதுமைக்கால ஓவியங்களில் நீலம் மிகுந்திருப்பதற்கு வில்லை மஞ்சளித்ததே காரணம் என்றார். மஞ்சள் கண்ணாடி வழியே பார்த்தால் அவை இயல்பாகிவிடுகின்றன என்பது அவர் காட்டிய சான்று.

இரண்டு கணிப்பும் ஒரே எடையுடையவை அல்ல. முல்ரெடிக்குச் சொன்னது கருப்புரைக்குப் பொருந்துகிறது. வில்லையின் நடுக்கரு இறுகி, மஞ்சளாகிப் பழுப்பாகும்போது நீல ஒளியை அதுவே விழுங்கிவிடுகிறது. தூரப் பார்வை மெல்ல மங்கும். கரு இறுகுவதால் கிட்டப்பார்வை கூடி, சிலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கத் தொடங்குவார்கள். ஆனால் நீலம் குறைவாகத் தெரிகிறதென்று ஓவியர் நீலத்தைக் கூட்டினார் என்ற வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. காட்சியையும் துணியில் பூசிய சாயத்தையும் அவர் ஒரே வில்லை வழியாகத்தான் பார்க்கிறார். ஆகவே எதிரில் உள்ள பொருளுக்குச் சாயத்தை ஒப்பிட்டுத் தீட்டினால் பிழை பெரும்பாலும் தானே கழிந்துபோகும். நினைவில் உள்ள நிறத்தைத் தேடினால்தான் நீலம் மிகும். மோனேயின் கதை இதற்கு நேரெதிர். 1912இல் புரை கண்டறியப்பட்ட அவர், பிற்பாடு சாயக் குழாயின் பெயர்ச்சீட்டை நம்பியே வண்ணம் எடுத்தார். அவருடைய ஜப்பானியப் பாலங்கள் சிவப்பும் பழுப்புமாக மாறின. 1923இல் வலக்கண்ணில் அறுவை முடிந்த பிறகு உலகம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிவதாக முறையிட்டார். ஒரே புரை ஒருவரை நீலத்துக்கும் இன்னொருவரைச் சிவப்புக்கும் கொண்டுபோகுமானால், துணியிலுள்ள நிறத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது.

டர்னருக்கு வருவோம். லீப்ரைக் காணும் சிதறலும் கோடுகளும் புறணிப் புரையைத்தான் நினைவூட்டுகின்றன. அதில் வில்லையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஆரக்கால்களைப் போல ஆப்பு வடிவக் கலங்கல்கள் வளர்கின்றன. நடு தெளிவாக இருக்கும்வரை எழுத்துப் பலகையை நன்றாகவே படித்துவிடலாம். எதிரில் வரும் வண்டி விளக்கு மட்டும் கீற்றுக் கீற்றாய்ச் சிதறும்; சிலருக்கு ஒற்றைக் கண்ணிலேயே உருவம் இரண்டாகத் தெரியும்.

இங்கேதான் ‘ரெகுலஸ்’ என்ற ஓவியம் எனக்கு இடறுகிறது. டர்னர் அதை 1828இல் ரோமில் காட்சிக்கு வைத்தார். 1837இல் பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில் வைத்தபோது மேலும் தீட்டினார். அதாவது லீப்ரைக் போட்ட 1831 எல்லைக்கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கிறது அது. 1837இல் அருகிலிருந்து பார்த்த ஜான் கில்பர்ட், சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடந்த படத்தின் மேல் டர்னர் வெள்ளைச் சாயத்தை அள்ளி அள்ளித் தேய்த்ததை விவரித்திருக்கிறார். கூசும் ஒளி அங்கே வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. படத்தின் பொருளும் அதுதான்: கார்த்தேஜியர் இமைகளை அறுத்து வெயிலில் நிறுத்திய ரோமானியத் தளபதி. தாழ்ந்த சூரியனை நேரே பார்த்தால் நோயற்ற கண்ணும் கூசத்தான் செய்யும். இந்தக் கூச்சத்தையும் நோயாக எடுத்துக்கொண்டால், லீப்ரைக் கதையையே அறிகுறியாகப் படித்தவராவார்.

அவருக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிறத்தைப் போலக் கூச்சம் தானே கழிந்துபோவதில்லை. துணியிலுள்ள வெள்ளைச் சாயம் சூரியனைப்போல் கண்ணுக்குள் ஒளியைச் சிதறடிக்காது; எனவே அந்தச் சிதறலைக் காட்ட ஓவியர் அதைத் தீட்டியே ஆக வேண்டும். புறணிப் புரை என்ற ஊகத்துக்கு இருக்கும் மிக வலுவான ஆதரவு இதுவே. லீப்ரைக் இதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

மூன்றாவது வகையான பின்சவ்வடிப் புரையை டர்னருக்குச் சூட்டுவது இன்னும் கடினம். அது சிறியது. ஆனால் வில்லையின் பின்புறத்தில், ஒளிப்பாதையின் நட்ட நடுவில் உட்கார்ந்திருப்பது. வெயிலில் பாவை சுருங்கும்போது மீதமிருக்கும் சிறு வழியையும் அடைத்துவிடுகிறது. படிக்கும்போதும் பாவை சுருங்குவதால் தூரத்தைவிடக் கிட்டத்தில்தான் தொல்லை அதிகம்; மங்கல் ஒளியில் நிம்மதி. இப்புரை கொண்டவர் சூரியனுக்கு முகம் கொடுக்க மாட்டார். டர்னரோ 1842இல் ரிகி மலையை நுண்ணிய நீர்வண்ணங்களில், நீலமாகவும் சிவப்பாகவும், தனித்தனியே தீட்டியவர். அந்த நீலத்தின் படிநிலைகள் முற்றிய கருப்புரைக்கும் எதிரான சாட்சி. நிறங்களைப் பிரித்தறியும் திறன் ஒருமுறை குறைந்துவிட்டால், ஒப்பிட்டுத் தீட்டினாலும் அது மீளாது.

புறணியையும் கருவையும் லீப்ரைக்கின் தலைமுறை பிரித்தறிந்திருந்தது. ஆனால் கலங்கல் எந்த அடுக்கில் இருக்கிறதென்று உயிருள்ள கண்ணில் துல்லியமாக வெட்டிக் காட்டும் பிளவு விளக்கு குல்ஸ்ட்ராண்டின் கையால் வந்தது 1911இல். டர்னர் 1851இலேயே இறந்துவிட்டார். ‘ரெகுலஸி’ல் எந்தத் தீற்றல் 1828க்கு உரியது, எது 1837க்கு உரியது என்பது வெறுங்கண்ணுக்குப் பிரிபடவில்லை, அது பிரியும்வரை 1831 என்ற எல்லை ஊகமே. முல்ரெடிக்குக் கருப்புரை இருந்திருக்கலாம். டர்னருக்குத் தொடக்கநிலைப் புறணிப் புரைக்கு மேல் எதையும் அவருடைய ஓவியங்கள் நிறுவவில்லை.