ஷார்ட்ஸில் லட்சம் வியூஸ்: பார்த்தவர்கள் எத்தனை பேர்?

யூடியூபில் ஒரே சேனல். நோன்புக் கஞ்சி செய்வதைப் பத்து நிமிட வீடியோவாகப் போட்டால் 800 வியூஸ். அதிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி ஷார்ட்ஸாகப் போட்டால் 60,000. இரண்டுக்கும் கீழே தெரியும் சொல் ஒன்றுதான் என்றாலும், எண்ணும் முறை வேறு.

2025 மார்ச் 31 முதல், ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு வியூவாக எண்ணுகிறது. இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. முடிந்து மறுபடி தானாக ஓடினால் அதுவும் இன்னொரு வியூ. அதற்கு முன் சில விநாடிகளாவது பார்த்தால்தான் கணக்கு.

பத்துப் பேரை வைத்துப் பாருங்கள். ஆறு பேர் படம் வந்த உடனே விரலால் தள்ளிவிட்டார்கள். மூன்று பேர் ஒருமுறை பார்த்தார்கள். ஒருவர் அளவு குறித்துக்கொள்ள மூன்று முறை ஓடவிட்டார். மொத்தம் 12 வியூஸ். உண்மையில் பார்த்தவர்கள் நான்கு பேர்.

வழக்கமான வீடியோவில் அந்தப் பத்துப் பேருக்கும் முதலில் தெரிவது முகப்புப் படம் மட்டுமே. ஒன்பது பேர் கடந்து போய், ஒருவர் தொட்டுத் திறந்து பார்த்தால் ஒரு வியூ. கடந்து போன ஒன்பது பேரும் ‘Impressions’ என்ற வேறு கணக்கில் சேருவார்கள். ஷார்ட்ஸிலோ கடந்து போகிறவரும் வியூஸ் கணக்கிலேயே விழுகிறார். எண்ணிக்கை பெருகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பழைய கணக்கு அழிந்துவிடவில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் Analytics பகுதிக்குப் போய் ‘Advanced mode’ திறந்தால் ‘Engaged views’ என்ற பெயரில் இருக்கிறது. அந்த மார்ச் முடிவில் வியூஸ் திடீரென ஏறி, ‘Engaged views’ அப்படியே இருந்திருந்தால், கூடியது பார்வையாளர்கள் அல்ல, எண்ணும் முறைதான் மாறியது என்று புரிந்துகொள்ளலாம்.

வருமானத்தை எதிர்பார்த்து சேனல் நடத்தும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ், அல்லது 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அந்த 1 கோடி, வெளியே தெரியும் எண்ணிக்கை அல்ல. ‘Engaged views’ கணக்கில் வர வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்பட்ட நேரம் 4,000 மணியில் சேராது. ஆகவே அந்த 60,000, மணிக்கணக்கில் பூஜ்யம். 800 பேர் பார்த்த பத்து நிமிட வீடியோவின் ஒவ்வொரு நிமிடமும் அதில் சேருகிறது.

கடை விளம்பரத்துக்கு ஷார்ட்ஸ் போடுபவரிடம் வியூஸ் கணக்கில் பணம் பேசுகிறீர்களா? வெளியே தெரியும் எண்ணை விட்டுவிட்டு, ‘Engaged views’ பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.