நிமிடத்துக்கு இவ்வளவு: தொலைபேசி உரைபெயர்ப்பின் கதை

எழுத்தை மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை அப்போதே மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். இந்த இரண்டாவது ஆள் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காராமல், தொலைபேசியின் மறுமுனைக்குப் போனது எப்படி? இதைத் தேடிப் படித்தபோது இரண்டு தொடக்கங்கள் கிடைத்தன.

முதலாவது ஆஸ்திரேலியா. போருக்குப் பின் இத்தாலி, கிரீஸ் எனப் பல நாடுகளிலிருந்து மக்கள் குடியேறிய நாடு அது. 1973இல் அதன் குடிவரவுத் துறை சிட்னியிலும் மெல்பர்னிலும் ஒரு தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. அரசே நடத்திய சேவை. இன்றும் 131 450 என்ற எண்ணில் இயங்குகிறது. ஈழத்திலிருந்து போன நம்மவர்களுக்கும் பழக்கமான எண்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் சான் ஹோசே. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாம் அகதிகள் அங்கே பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பேசுவது போலீஸுக்குப் புரியவில்லை. 80களின் தொடக்கத்தில் ஜெஃப் மங்க்ஸ் என்ற போலீஸ்காரரும் ஒரு கூட்டாளியும் இதற்காகத் தொடங்கியதுதான் லாங்குவேஜ் லைன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதை ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் வாங்கிவிட்டது. டிரங்க் கால் போட்டவர்களுக்குத் தெரியும், தொலைபேசிக்காரர் கையில் இருப்பது நிமிடக் கணக்கு. உரைபெயர்ப்புத் தொழிலும் அந்தக் கணக்கில்தான் வளர்ந்தது.

சரி, நிமிடக் கணக்கில் என்ன தப்பு? ஒரு அழைப்பை வைத்துப் பார்ப்போம். மருத்துவமனையில் நர்ஸ் எண்ணை அழுத்தி "தமிழ்" என்கிறார். வீட்டில் ஹெட்செட்டோடு காத்திருப்பவருக்கு மணி அடிக்கிறது. அவர் பெயரைச் சொல்வதில்லை, அடையாள எண்ணை மட்டும் சொல்கிறார். நோயாளி அம்மா பேசுகிறார்: "நேத்து மயக்கம் வந்துச்சு டாக்டர்."

மயக்கம்னா என்ன? தலைசுற்றலா, நினைவு தப்பி விழுந்ததா? தமிழில் ஒரே சொல் இரண்டுக்கும் ஓடும். மருத்துவருக்கோ இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள். பயிற்சி இல்லாதவர் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவிடுவார். பயிற்சி பெற்றவர் முதலில் மருத்துவரிடம், "இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன்" என்பார். பிறகு அம்மாவிடம், "தலை சுத்துச்சாம்மா, இல்ல நினைவு தப்பிச்சா?" என்று கேட்பார். "இங்கதான் வலிக்குது" என்று அம்மா கையை வைத்தால் தொலைபேசியில் அது தெரியாது. அதையும் கேட்டாக வேண்டும். வீடியோ வந்தபின் இந்த ஒரு தொல்லை குறைந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் பயிற்சியில்தான் வருகிறது. அமெரிக்காவில் மருத்துவ உரைபெயர்ப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுத 40 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஸ்பானிய உரைபெயர்ப்பை ஆராய்ந்தது. 100 மணி நேரத்துக்குக் குறைவாகப் பயின்றவர்களின் பிழைகளில் 12 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. அதற்கு மேல் பயின்றவர்களிடம் அது 2 சதவீதம்தான்.

அந்தக் கூடுதல் 60 மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? பல நிறுவனங்களில் பேசிய நிமிடத்துக்கு மட்டுமே கூலி. ஒரு கணக்குக்கு நிமிடம் 60 சென்ட் என்று வையுங்கள். ஸ்பானியத்துக்கு அழைப்பு ஓயாது. தமிழுக்கு அப்படி இல்லை. எட்டு மணி நேரம் காத்திருந்து 80 நிமிடம் பேசினால் கிடைப்பது 48 டாலர், மணிக்கு 6 டாலர். காத்திருப்புக்குச் சம்பளம் கிடையாது. இந்த நிலையில் தன் காசைப் போட்டு யார் மேற்கொண்டு படிப்பார்கள்? இன்னொரு பக்கம், கட்டணம் கட்டும் மருத்துவமனைக்கும் நிமிடம் ஓடுகிறது. "மயக்கம்னா என்ன?" என்று கேட்கும் அரை நிமிடம் அவர்கள் கண்ணுக்குச் செலவாகத் தெரியும்.

ரகசியம் காப்பதிலும் வீடு ஒரு சிக்கல். குறிப்பெடுத்த தாளை அழைப்பு முடிந்ததும் கிழித்தாக வேண்டும். தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். 48 டாலர் சம்பாதிப்பவருக்குத் தனி அறை எளிதா? தமிழ் போன்ற சிறிய சமூகத்தில் இன்னொரு பயமும் உண்டு. எண்ணை மட்டும் சொன்னாலும் குரலும் ஊர்ப்பேச்சும் காட்டிக்கொடுக்கும். "இவ நம்ம ஊர்க்காரி போல" என்று தோன்றிவிட்டால், கருக்கலைப்பையோ கணவனின் அடியையோ அந்தப் பெண் சொல்லமாட்டாள். நோயாளியைத் தெரிந்திருந்தால் அதை உடனே சொல்லி விலக வேண்டும் என்பது தொழில் நெறி. ஆனால் விலகினால் அந்த அழைப்பின் நிமிடங்களும் போய்விடும்.

என் கருத்து இதுதான். கேட்பதற்கும் விலகுவதற்கும் படிப்பதற்கும் நேரம் கொடுக்கச் சொல்கிறது தொழில் நெறி. கூலிக் கணக்கில் அந்த மூன்றுக்கும் இடமில்லை. லாங்குவேஜ் லைனை 2016இல் டெலிபர்ஃபார்மன்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. தொழிலில் பணம் இல்லாமல் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு அடிப்படைக் கூலி கொடுத்தால், மயக்கம்னா என்னவென்று நிறுத்திக் கேட்க ஆள் இருப்பார்.