கார் எண்ணில் ஒளிந்திருக்கும் கணக்கு

நம்பர் பிளேட் என்று நாம் சொல்லும் பதிவு எண் தகட்டைத் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிறோம். ஆனால் அதிலுள்ள எழுத்துகள் எதைச் சொல்கின்றன என்று கேட்டால் பலருக்கும் தயக்கம்தான். எங்கள் கலந்துரையாடலில் நேயர் ஒருவர் கேட்டார்: "பேராக் மாநிலத்திற்கு P கிடைக்காமல் A கிடைத்தது ஏன்? சிங்கப்பூர் காரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பது எதற்கு?" இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டே போனால் எண் தகட்டின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

வாகனத்திற்கு அடையாளத் தகடு வேண்டும் என்று 1893-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரக் காவல்துறை ஆணையிட்டது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எழுத்துகளை ஒதுக்கியது. லண்டனுக்கு A கிடைத்தது. எழுத்து ஊரைக் காட்டும், எண் வண்டியைக் காட்டும் என்ற அந்த முறையே காலனி ஆட்சியோடு நம் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

நீரிணைக் குடியேற்றங்களில் சிங்கப்பூருக்கு S, பினாங்குக்கு P, மலாக்காவுக்கு M என்று அமைந்தது. P பினாங்குக்குப் போய்விட்டதால் பேராக், பகாங், பெர்லிஸ் மூன்றுக்கும் தங்கள் முதலெழுத்து இல்லை. S சிங்கப்பூரிடம் இருந்ததால் சிலாங்கூருக்கும் அதே நிலை. K கெடாவுக்கு என்பதால் கிளந்தானும் வேறு எழுத்து தேட வேண்டியதாயிற்று. எனவே பேராக் A, சிலாங்கூர் B, பகாங் C, கிளந்தான் D என்று அகரவரிசையின் தொடக்க எழுத்துகளைப் பெற்றன. பெர்லிஸ் தன் பெயரின் நடுவிலுள்ள R எழுத்தை எடுத்துக்கொண்டது. ஜொகூரின் J, நெகிரி செம்பிலானின் N, திரங்கானுவின் T ஆகியவற்றுக்குப் போட்டியே இல்லை.

1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது, பிரதேசம் என்பதற்கான மலாய்ச் சொல்லான 'விலாயா'வின் முதலெழுத்து W அதன் அடையாளமாயிற்று. வண்டிகள் பெருகி W வரிசை தீரும் நிலை வந்தபோது V வந்தது. வரிசை எழுத்துகளில் I, O இரண்டையும் விட்டுவிடுவார்கள். ஓடும் வண்டியில் அவை 1, 0 போலத் தெரியும் என்பதே காரணம். Z இராணுவத்திற்கு உரியது. டாக்சி என்றால் மாநில எழுத்துக்கு முன்னால் H வரும். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து என்ற வழக்கமும் மாறி, வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்தாகிவிடும். ஆக, ஊர், வரிசை, வண்டியின் வகை ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்த எழுத்து வண்டி பதிவான இடத்தைத்தான் சொல்லும். உரிமையாளர் குடியிருக்கும் ஊரை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

சிங்கப்பூர் ஒரே நகரம் என்பதால் அங்கு ஊரைக் காட்ட எழுத்து தேவைப்படவில்லை. எனவே முதல் எழுத்து பெரும்பாலும் வகையைக் காட்டுகிறது. தனியார் கார் S, மோட்டார் சைக்கிள் F, சரக்கு வாகனம் G, கனரக வாகனம் Y, டாக்சி SH. இதற்கும் மேலாக அவர்கள் சேர்த்ததுதான் கடைசியில் வரும் சோதனை எழுத்து. அதை யாரும் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் உள்ள எழுத்துகளும் எண்களும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

SBA 1234 என்ற பதிவை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தான S கணக்கில் சேராது. A என்றால் 1, B என்றால் 2 என்று எழுத்துகளை எண்ணாக்க வேண்டும். இப்போது நம்மிடம் 2, 1, 1, 2, 3, 4 என்று ஆறு எண்கள் உள்ளன. இவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 18, 4, 5, 8, 9, 8 வரும். கூட்டினால் 52. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 14. மீதி 0 முதல் 18 வரை எதுவானாலும் அதற்கென ஓர் எழுத்து உண்டு. அந்த வரிசை இதுதான்:

A Z Y X U T S R P M L K J H G E D C B

A-யை 0 என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் 14-க்கு G. எனவே முழுப் பதிவு SBA 1234 G.

இந்த எழுத்தால் என்ன பயன்? மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியின் எண்ணை ஒருவர் பதற்றத்தில் SBA 1243 G என்று எழுதித் தருகிறார் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 53 வரும், மீதி 15, எழுத்து E. G பொருந்தவில்லை என்பதால், எண் எங்கோ தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் வாசலில் போய் விசாரிக்க வேண்டியதில்லை. 19 பகா எண் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் சரி, இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் சரி, இந்தக் கணக்கு தவறாமல் காட்டிக்கொடுக்கும். எழுத்துகளில் மட்டும் ஒரு சிறு ஓட்டை உண்டு. A-க்கும் T-க்கும் இடையே உள்ள தூரம் சரியாக 19. அந்த இரண்டும் மாறிப்போனால் கணக்கு கண்டுபிடிக்காது.

எண்ணைச் சரியாகக் குறிக்க வேண்டுமானால் முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரவில்தான் சிக்கல். சாதாரண வெள்ளைப் பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. பின்னால் வருபவரின் கண்ணுக்குத் திரும்புவது மிகச் சிறு பங்கே. கண்ணாடியோ ஒளியை மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும். ஒளிதிருப்பும் தாள் வேறு விதம்: எங்கிருந்து ஒளி வந்ததோ அந்தத் திசைக்கே அனுப்புகிறது. அதனுள் நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு வில்லையைப் போல ஒளியைப் பின்பக்கம் குவிக்கும். அங்குள்ள பளபளப்பான பூச்சில் பட்டு ஒளி வந்த வழியே திரும்பும். வாகனமோட்டியின் கண் தன் முன்விளக்குகளுக்கு அருகிலேயே இருப்பதால், எதிரிலுள்ள தகடு அவருக்கு மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறது.

இத்தகைய தாளைச் சாலைப் பலகையில் முதன்முதலாக ஒட்டியது 1939-இல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில். பிரிட்டன் 1973 முதல் புதிய வாகனங்களுக்கு இத்தகைய தகட்டைக் கட்டாயமாக்கியது: முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், எழுத்துகள் கறுப்பு. நிறம் வேறுபடுவதால் இரவில் வண்டி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதும் புரிந்துவிடும். சிங்கப்பூர்ச் சாலைகளில் பழைய கறுப்புத் தகட்டோடு இந்த வெள்ளை–மஞ்சள் வகையையும் காணலாம்.

கேமராவுக்கும் இதே உதவிதான். விளக்கு கேமராவின் பக்கத்திலேயே இருப்பதால் பின்னணி ஒளிர்ந்து, கறுப்பு எழுத்து தெளிவாக நிற்கும். விளக்கு அளவுக்கு மிஞ்சினால் தகடு முழுவதும் வெளுத்து எழுத்தே மறைந்துவிடுவதும் உண்டு.

சிலர் அழகுக்காகத் தகட்டின்மேல் மங்கலான மூடி பொருத்துகிறார்கள். பத்தில் ஏழு பங்கு ஒளியை விடும் மூடி என்றால் பெரிய நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் ஒளி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்த மூடியைக் கடக்கிறது. இறுதியில் மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. ஓரத்தில் நீர் புகுந்தாலும் அழுக்கு படிந்தாலும் அதே இழப்புதான்.

உங்கள் தகடு ஒளிதிருப்பும் வகையா, இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். இருட்டியபின் பத்து மீட்டர் தள்ளி நின்று, கைவிளக்கைக் கண்ணின் ஓரத்தில் பிடித்துத் தகட்டின்மேல் ஒளியைப் பாய்ச்சுங்கள். தகடு பளிச்சிட வேண்டும். அப்படியே கையை நீட்டி விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் அந்தப் பளிச்சிடல் மறைய வேண்டும். விளக்கு எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால், அது ஒளிதிருப்பாத வகை, அல்லது தாளின் ஆயுள் முடிந்துவிட்டது. இடையிடையே கறுந்திட்டுகள் தெரிந்தால் அந்த இடங்களில் தாள் கெட்டுப்போயிருக்கிறது. தகட்டை மாற்றிவிடுவதே நல்லது.